விடுப்பு முதலில், ஒப்படைப்பு பிறகு: தனியார் பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களே, முதல்வர்களே,

தமிழ்நாட்டுத் தனியார் மேல்நிலைப் பள்ளிகளில் ஓர் ஆசிரியை மகப்பேறு விடுப்பு கேட்டு எழுதும்போது, பல இடங்களில் அந்த ஒரே கடிதத்தில் மூன்று பதில்கள் எதிர்பார்க்கப்படுகின்றன. எந்தத் தேதியிலிருந்து விடுப்பு வேண்டும், வகுப்புகளை யாரிடம் ஒப்படைக்கப் போகிறார், எப்போது திரும்பி வருவார். மூன்றுமே நியாயமான கேள்விகள். ஆனால் மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டு, “முதலில் மாற்று ஏற்பாட்டைச் சொல்லுங்கள், விடுப்பைப் பிறகு பார்க்கலாம்” என்று நிர்வாகம் சொல்லும் இடத்தில் வரிசை தலைகீழாகிறது. விடுப்பு முன்கூட்டியே, நிபந்தனை ஏதுமின்றி உறுதியாக இருந்தால்தான் ஆசிரியை சீக்கிரம் சொல்வார். சீக்கிரம் சொன்னால்தான் ஒப்படைப்புக்கு நாள் கிடைக்கும். ஒப்படைப்பு ஒழுங்காக நடந்தால்தான் மாணவர்களும் தப்பிப்பார்கள், அவர் திரும்பி வருவதற்கும் ஓர் இடம் இருக்கும். இந்த வரிசையை மாற்றினால் உங்கள் பள்ளிக்குத்தான் முதல் நட்டம் என்பதே என் வாதம்.

சட்டம் சொல்வதிலிருந்து தொடங்குகிறேன். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பைத் தந்தது. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம். எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 2020இல் நிறைவேறி, 2025 நவம்பரில் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இதே அளவுகள்தாம் உள்ளன. ‘இந்தச் சட்டம் தொழிற்சாலைக்குத்தானே, பள்ளிக்கு ஏது’ என்று கேட்பவர்கள், கேரள அரசு 2020இல் தனியார் பள்ளி ஆசிரியைகளை வெளிப்படையாகவே 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்ததைக் கவனிக்க வேண்டும். 2025 மே மாதத்தில், தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை ஒருவரின் வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த விதிகளையெல்லாம் தேடினாலும் ‘மாற்று ஆசிரியரைக் காட்டினால்தான் விடுப்பு’ என்ற வாசகம் எங்கும் கிடைக்காது. சட்டம் ஆசிரியையிடம் எழுத்தில் கேட்பது மிகக் குறைவு: எந்த நாளிலிருந்து வேலைக்கு வரமாட்டார், தொகையைத் தனக்கே தர வேண்டுமா அல்லது தான் குறிப்பிடும் ஒருவருக்கா, அந்தக் காலத்தில் வேறெங்கும் வேலை பார்க்கமாட்டார் என்ற உறுதி. இந்த அறிவிப்பைக் கொடுக்கத் தவறினால்கூட உரிமை போய்விடாது.

எனவே விடுப்புக் கடிதம் ஒரு பக்கம் தாண்ட வேண்டியதில்லை. பெயர், பணி, மருத்துவர் சான்றில் உள்ள பிரசவத் தேதி, விடுப்பு தொடங்கும் நாள், 26 வாரம் முடியும் நாள், தொகையைப் பெறுபவர், உறுதிமொழி, கையெழுத்து. அதை வாங்கிய அன்றே தேதியும் முத்திரையும் இட்டு ஒரு நகலைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்தக் காகிதத்தின் வேலை முடிந்தது. வகுப்பு ஒப்படைப்பு வேறொரு கோப்பு. பள்ளிக்கும் ஆசிரியைக்கும் இடையில் வாரங்கணக்கில் வளர வேண்டிய கோப்பு அது. திரும்பி வரும் திட்டம் மூன்றாவது காகிதம். அதில் ஆசிரியை எழுத வேண்டியது கொஞ்சம், நீங்கள் எழுத வேண்டியது அதிகம்.

சீக்கிரம் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஓர் உதாரணக் கணக்கால் காட்டுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கும் ஓர் ஆசிரியை. எதிர்பார்க்கும் பிரசவத் தேதி 2026 நவம்பர் 15. மருத்துவர்கள் எண்ணும் 40 வாரக் கணக்கில் பின்னோக்கிப் போனால் பிப்ரவரி 8இல் வந்து நிற்கும். அப்படியானால் மே மாதக் கடைசியில், நீங்கள் அடுத்த ஆண்டுக்கான பாடவேளை அட்டவணையைப் போட உட்காரும்போது, அவருக்கு ஏறக்குறைய பதினைந்து வாரம் முடிந்திருக்கும். அவருக்குச் செய்தி தெரியும். உங்களுக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை? சொன்னால் பிளஸ் டூ வகுப்பை எடுத்துவிட்டு ஆறாம் வகுப்பு அறிவியலைக் கொடுப்பார்கள், அல்லது ‘ஜூனில் புது ஆளைப் போட்டுக்கொள்கிறோம், நீங்கள் குழந்தை பிறந்தபின் பார்க்கலாம்’ என்பார்கள் என்ற அச்சம். இந்த அச்சம் நிலவும் பள்ளியில் செய்தி ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ, மறைக்க முடியாத நிலை வந்த பிறகு வெளியே வரும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்ற மூன்று மாத ஆயத்த காலம் அதற்குள் போயிருக்கும். பிறகு ‘கடைசி நேரத்தில் சொன்னார்கள்’ என்று வருத்தப்படுவதில் பயனில்லை. அந்தக் கடைசி நேரத்தை உண்டாக்கியது பள்ளியின் பழக்கமே.

அதே ஆசிரியை மே மாதத்திலேயே அச்சமின்றிச் சொல்லியிருந்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். முதலில் கைமாற வேண்டியது ஆய்வகம். வகுப்பறையை விட நான்கு மாதம் முன்பாகவே, ஜூனிலேயே அது மாற வேண்டும். உப்புப் பகுப்பாய்வில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். அடர் அமிலங்களின் புகை வரும். பாடவேளை முழுக்க நின்றபடி மேசை மேசையாகப் போய்ப் பார்க்க வேண்டும். கருவுற்ற ஒருவரை அங்கே நிறுத்துவது சரியில்லை. நீண்ட நேரம் நின்று செய்யும் வேலையைப் பற்றிச் சட்டத்திலும் விதி இருக்கிறது: பிரசவத் தேதிக்கு ஆறு வாரம் முன்பும், அதற்கும் முந்தைய ஒரு மாதமும், அவர் கேட்டுக்கொண்டால் அத்தகைய வேலையைத் தரக்கூடாது. நம் கணக்கில் அது செப்டம்பர் 4இலிருந்து தொடங்குகிறது. வகுப்பறையில் ஒரு நாற்காலி போடுவதற்கு அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். பதினொன்றாம் வகுப்பு வேதியியல் ஆசிரியர் ஜூனிலிருந்தே பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறையையும் பார்த்துக்கொண்டால், பதிலுக்கு அவருடைய எழுத்துப் பாடவேளைகள் சிலவற்றை இவர் எடுத்துக்கொள்ளலாம். யாருக்கும் சுமை கூடாது. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு வரும்போது மாணவர்களுக்கு ஆய்வகத்தில் பழகிய ஒரே முகம் ஆண்டு முழுக்க இருந்திருக்கும்.

அடுத்தது பாடப்பகுதியை எந்த இடத்தில் வெட்டுவது என்பது. ‘விடுப்புக்குப் போகும் நாள் வரை நடத்தியது நடத்தியபடி, மீதியை வருபவர் பார்த்துக்கொள்ளட்டும்’ என்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. வேதியியலில் இது பெரிய பிழையாகிவிடும். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பாடநூலில் இரண்டு தொகுதிகளிலும் சேர்த்துப் பதினைந்து பாடங்கள். உலோகவியலில் தொடங்கி வேதிவினை வேகவியல் வரை ஏழு பாடங்கள் முதல் தொகுதி. இரண்டாம் தொகுதி அயனிச் சமநிலையில் தொடங்குகிறது. அதன் நடுவில் ஹைட்ராக்ஸி சேர்மங்கள், கார்பனைல் சேர்மங்கள், கரிம நைட்ரஜன் சேர்மங்கள் என்று மூன்று கரிமப் பாடங்கள் தொடர்ச்சியாக வருகின்றன. இந்த மூன்றும் ஒரே சங்கிலி. ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்து ஆல்டிஹைடு, அதிலிருந்து அமிலம், அமிலத்திலிருந்து அமைடு, அமைடிலிருந்து அமீன் என்று ஒரு வினை அடுத்த பாடத்துக்குள் கையைப் பிடித்து அழைத்துப் போகும். பாதியில் ஆசிரியர் மாறினால், முன்னவர் எந்த வினையை எந்தக் குறியீட்டில் எழுதிக் காட்டினார், எதை மனப்பாடம் செய்யச் சொன்னார், எதை வழிமுறையோடு விளக்கினார் என்பது பின்னவருக்குத் தெரியாது. மாணவர் குறிப்பேட்டில் ஒரே வினை இரண்டு விதமாக இருக்கும். வெட்டுவதானால் சங்கிலியின் தொடக்கத்தில் வெட்ட வேண்டும்.

நம் ஆசிரியை அக்டோபர் 19இலிருந்து விடுப்பில் போக விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் முதல் அக்டோபர் நடு வரை நாலரை மாதம். மாதத்துக்கு இரண்டு பாடம் என்ற சாதாரண வேகத்திலேயே முதல் தொகுதியின் ஏழும், கணக்குகள் நிறைந்த அயனிச் சமநிலையும் மின் வேதியியலுமாக ஒன்பது பாடங்களை அவரே முடித்துவிடலாம். கணக்கு உள்ள பாடங்களை ஒரே கையில் வைத்திருப்பது நல்லது. அவற்றில் மாணவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்பது நாள்பட்ட பழக்கத்தில்தான் தெரியும். மீதி ஆறு: புறப்பரப்பு வேதியியல், மூன்று கரிமப் பாடங்கள், உயிரியல் மூலக்கூறுகள், அன்றாட வாழ்வில் வேதியியல். இவற்றுள் முதலும் கடைசியும் இலகுவானவை. கரிம வேதியியலில் நல்ல பிடிப்புள்ள ஒருவரைத் தேடினால் போதும். ‘பிளஸ் டூ முழுக்க எடுக்கத் தெரிந்த ஆள் அக்டோபரில் எங்கே கிடைப்பார்’ என்ற உங்கள் கவலை பாதியாகக் குறைகிறது. காலாண்டுத் தேர்வும் அதன் விடுமுறையும் முடிந்து பள்ளி திறக்கும் நாளில் மாற்று ஆசிரியர் சேரட்டும். அன்றிலிருந்து அக்டோபர் 16 வரை சுமார் இரண்டு வாரம் இருவரும் ஒன்றாக இருக்கட்டும். முதல் வாரம் வருபவர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். இரண்டாம் வாரம் அவர் புறப்பரப்பு வேதியியலைத் தொடங்குவார், இவர் உட்கார்ந்து பார்ப்பார். இந்த இரண்டு வாரத்துக்கு இரட்டைச் சம்பளம் ஆகும் என்பது உண்மை. உங்களிடம் நான் கேட்கும் கூடுதல் செலவு அது ஒன்றுதான். பொதுத்தேர்வு எழுதும் வகுப்புக்கு அது மிகச் சிறிய தொகை.

ஒப்படைப்புக் கோப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு வழக்கமான குறை உண்டு. நிர்வாகங்கள் கேட்பது பாடக்குறிப்பேடு, மதிப்பெண் பதிவேடு, முடித்த போர்ஷன், இவ்வளவே. இவை தேவைதான், ஆனால் வருபவருக்கு உதவுவது இவற்றில் இல்லாத செய்திகள். வேகமாறிலியின் அலகை வினையின் படிக்கு ஏற்ப மாற்ற யார் யாருக்கு இன்னும் வரவில்லை, அணைவுச் சேர்மங்களுக்குப் பெயரிடுவதில் வகுப்பே செய்யும் தவறு எது, எந்த மாணவர் கேள்வி கேட்கத் தயங்குவார், யாரை எழுப்பி நிறுத்திக் கேட்கக்கூடாது. இவை நான்கைந்து பக்கத்தில் அடங்கும். அகமதிப்பீடு இன்னொன்று. எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்ற பகிர்வில், அந்தப் பத்து மதிப்பெண்ணை ஆண்டின் கடைசியில் போடப்போவது முதல் பாதியைக் கண்ணால் பார்க்காத ஒருவர். ஆகவே ஜூன் முதல் நடந்த ஒவ்வொரு தேர்வின் மதிப்பெண்ணையும் தேதியோடு அப்படியே கொடுக்க வேண்டும். ‘நல்ல பையன், பத்துக்குப் பத்து’ என்ற குறிப்பு போதாது. பிறகு பெற்றோர் வந்து கேட்டால் பதில் சொல்வதற்குக் கையில் காகிதம் வேண்டும்.

இந்தக் கோப்பைக் கடைசி நாளில் ஒரே மூச்சில் எழுதி முடிக்கலாம் என்று விட்டுவிடக்கூடாது. குழந்தை நாள்காட்டி பார்த்துப் பிறப்பதில்லை. 37 வாரத்துக்கு முன்பே பிறக்கும் குழந்தைகள் உண்டு. இரத்த அழுத்தம் கூடி, நாளையிலிருந்து படுக்கையில் இருங்கள் என்று மருத்துவர் சொல்லும் தாய்மார்களும் உண்டு. செப்டம்பர் முதல் வாரத்துக்குள் கோப்பு ஒரு முழு வடிவத்துக்கு வந்துவிட வேண்டும். அதன்பின் வாரம் ஒருமுறை ஒரு பக்கம் சேர்த்தால் போதும். நடுவில் கரு கலைந்துவிடும் துயரமும் நேரலாம். அதற்குச் சட்டத்தில் ஆறு வார விடுப்பு உண்டு. அப்படி நேர்ந்தால் அவரிடம் யாரும் விளக்கம் கேட்காமல், முகம் சுளிக்காமல், கோப்பை மூடி வைத்துவிட்டு, அவர் வரும்போது வகுப்பை அவரிடமே திருப்பிக் கொடுக்கும் பக்குவம் நிர்வாகத்துக்கு வேண்டும்.

ஒப்படைப்பு தோற்றுவிட்டது என்பதை எப்படிக் கண்டுகொள்வது? முதல் அடையாளம் தொலைபேசி. விடுப்பில் இருப்பவருக்கு வாரம் நான்கு முறை பள்ளியிலிருந்து அழைப்பு போகிறது என்றால் கோப்பில் ஓட்டை இருக்கிறது. இது வெறும் நாகரிகப் பிரச்சினை மட்டும் அல்ல. விடுப்புக் காலத்தில் வேலை செய்தால் அந்தக் காலத்துக்குரிய பலனை இழக்க நேரிடும் என்று சட்டம் சொல்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரத்தில் அவரை வேலைக்கு வைப்பதையே சட்டம் தடை செய்கிறது. அரையாண்டு வினாத்தாளைத் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது, வீட்டுக்கு விடைத்தாள் கட்டைக் கொடுத்தனுப்புவது, இரவு எட்டு மணிக்கு இணையவழிச் சந்தேக வகுப்பு எடுக்கச் சொல்வது எல்லாம் அவரை அந்த அபாயத்தில் தள்ளும் செயல்கள். இரண்டாவது அடையாளம், அவருடைய பாடவேளைகளை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்திருப்பது. ஏற்கெனவே வாரம் முழுக்க வகுப்பு உள்ளவர்களுக்குத் தலைக்கு இரண்டு மூன்று என்று பங்கு வைத்தால் அந்த வகுப்புக்கு யாரும் பொறுப்பில்லை. ரெக்கார்டு நோட்டுகள் கையெழுத்தாகாமல் குவிந்து கிடப்பதில் அது தெரியும். மூன்றாவது, அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள். மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஒப்படைப்புக்கு முந்தைய ஒன்பது பாடங்களுக்கான வினாக்களையும் பிந்தைய ஆறு பாடங்களுக்கான வினாக்களையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள். பிந்தையதில் மட்டும் சரிவு என்றால் மாற்று ஆசிரியருக்கு உதவி தேவை. இரண்டிலும் சரிவு என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அதை விடுப்பின் தலையில் கட்டக்கூடாது. எப்படியானாலும் ஜனவரியில் திருப்புதல் தேர்வுகள் தொடங்குமுன் சரிசெய்ய நாள் இருக்கிறது.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு பணம். ‘அரசுப் பள்ளி ஆசிரியைக்கு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம் கொடுக்கிறார்கள், அது அரசுக் கருவூலம். கட்டணத்தில் ஓடும் சிறிய பள்ளி ஆறு மாதம் இரண்டு சம்பளம் கொடுத்தால் தாங்குமா?’ இந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. மகப்பேற்றின் செலவு முழுவதையும் வேலை கொடுப்பவர் தலையில் மட்டும் சுமத்துவது, பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்க வைக்கும் என்ற விமர்சனத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. அரசு இதில் பங்கேற்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால் ஆசிரியர்களும் உங்களோடு சேர்ந்து கேட்க வேண்டும். ஆனால் தனியார் பள்ளி ஆசிரியைகளில் பலருக்கு மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டுவதில்லை. அது ஈ.எஸ்.ஐ. வரம்பு. தனியார் கல்வி நிலையங்களுக்கு ஈ.எஸ்.ஐ.யை விரிவாக்கித் தமிழ்நாடு அரசு அறிவிக்கை வெளியிட்டது 2010இல். 18,000 ரூபாய் வாங்கும் ஆசிரியைக்குப் பள்ளி கட்ட வேண்டிய பங்கு 3.25 விழுக்காடு, அதாவது மாதம் 585 ரூபாய்; அவர் பங்கு 135 ரூபாய். முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், 26 வாரத்துக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 600 ரூபாய் வீதம், ஏறத்தாழ 1,09,000 ரூபாயை ஈ.எஸ்.ஐ. கழகமே அவருக்குக் கொடுக்கும். பள்ளி கொடுக்க வேண்டாம். அவருக்கு ஒதுக்கிய சம்பளம் அப்படியே மாற்று ஆசிரியருக்குப் போகும். இரட்டைச் சம்பளம் என்ற பேச்சு எழுவது பெரும்பாலும் ஆசிரியர்களை ஈ.எஸ்.ஐ.யில் பதியாமல் விட்ட இடத்தில்தான். வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கு முழுச் செலவும் உங்களுடையதுதான். ஆனால் ஒரு பள்ளியில் ஓர் ஆண்டில் அத்தகைய விடுப்பு எத்தனை வரக்கூடும் என்பதை உங்கள் பணியாளர் பதிவேட்டை எடுத்து எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப ஆண்டு வரவு செலவில் ஒரு தொகையை ஒதுக்குங்கள்.

இரண்டாவது மறுப்பு, ஒப்பந்தம். பத்து மாத ஒப்பந்தத்தில் எடுத்தவருக்கு ஏப்ரலோடு வேலை முடிகிறது, அதற்கு மேல் எதற்குக் கொடுக்க வேண்டும் என்கிறீர்கள். தில்லியில் ஒப்பந்த மருத்துவர் ஒருவரின் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: 80 நாள் தகுதியைப் பெற்றுவிட்டால், ஒப்பந்தக் காலம் நடுவில் முடிந்தாலும் மகப்பேற்றுப் பலனை முழுக்கக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பைத் தாளாளர்கள் வெளிப்படையாகச் சொல்வதில்லை, ஆனால் அதுவே பல முடிவுகளுக்குப் பின்னால் இருக்கிறது. ‘ஆறு மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு, பிறகு வரமாட்டேன் என்று எழுதிவிடுவார்கள்.’ இதைத் தடுக்க அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைப்பதும், திரும்பி வந்து ஓராண்டு வேலை செய்வேன் என்று எழுதி வாங்குவதும் நடக்கின்றன. சிலர் வராமல் போவது உண்மைதான். ஆனால் அந்த விடுப்பு எதிர்கால வேலைக்கு முன்பணமாகக் கொடுக்கப்படுவது அல்ல. செய்த வேலையால் வந்த தகுதி. ஆகவே அதைத் திருப்பிக் கேட்கும் உரிமை பள்ளிக்கு இல்லை. பூட்டி வைத்த சான்றிதழ் ஒருவரை வகுப்பறைக்குள் கொண்டுவந்து நிறுத்தலாம், ஆனால் குழந்தையை எங்கே விடுவது என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. வேலையை விட்டுப் போகிறவர்களில் பலருக்குக் காரணம் அந்தக் கேள்விதான். பிளஸ் டூ எடுத்தவரைத் திரும்பி வந்ததும் நடுநிலை வகுப்புக்கு இறக்குவது, ஆண்டு ஊதிய உயர்வில் அந்த ஆறு மாதத்தைக் கழிப்பது, சேர்ந்த தேதியைப் புதிதாகப் போட்டு சர்வீஸை அறுப்பது ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. விடுப்பைக் காரணமாக வைத்து விடுப்பில் இருப்பவரின் பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றுவது சட்ட விரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பயிற்சி பெற்ற, உங்கள் மாணவர்களை அறிந்த ஓர் ஆசிரியையை இழந்து, ஒவ்வொரு ஜூனிலும் புது முகம் தேடும் பள்ளிக்கு அதனால் என்ன மிஞ்சுகிறது?

ஆகவே திரும்பும் திட்டம் உங்கள் கையெழுத்தோடு தொடங்க வேண்டும். அக்டோபர் 19இல் தொடங்கிய விடுப்பின் 182ஆம் நாள் ஏப்ரல் 18. அவர் ஏப்ரல் 19 அன்று வேலைக்கு வருகிறார். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு அதற்குள் முடிந்திருக்கும். ‘பத்து நாளில் விடுமுறை வரப்போகிறது, மே மாதச் சம்பளத்துக்காக வருகிறார்’ என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழும். தேதியை அவர் தேர்ந்தெடுத்தது பிரசவ நாளைக் கொண்டு. பள்ளி நாள்காட்டி அதன்மேல் வந்து படிந்தது. அந்தப் பேச்சை முதல்வர் ஒரே வாக்கியத்தில் நிறுத்திவிட வேண்டும். மேலும் அந்தப் பத்து நாளில் வேலை உண்டு. மாற்று ஆசிரியரிடமிருந்து தலைகீழ் ஒப்படைப்பு நடக்க வேண்டும்: கரிமப் பாடங்களில் எது எடுபட்டது, எந்தப் பயிற்சித்தாள் பயன்பட்டது, ஆய்வகத்தில் எந்த வேதிப்பொருள் தீர்ந்திருக்கிறது. அடுத்து பன்னிரண்டாம் வகுப்புக்கு வரப்போகும் மாணவர்களின் பதினொன்றாம் வகுப்பு விடைத்தாள்களை அவர் பார்க்க வேண்டும். புதிய வகுப்பு எதையும் அவர்மேல் ஏற்றாமல் இந்தப் பத்து நாளைக் கொடுத்தால், ஜூனில் அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

அந்த ஜூனைத்தான் பல பள்ளிகள் மறந்துவிடுகின்றன. குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறையும் வரை, வழக்கமான இடைவேளைகளுக்கு மேல், நாளில் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை தாய்க்கு உண்டு. அதற்காகச் சம்பளத்தில் பிடித்தம் கூடாது. நவம்பர் 15இல் பிறந்த குழந்தைக்குப் பதினைந்து மாதம் 2028 பிப்ரவரி நடுவில்தான் நிறைகிறது. அதாவது 2027-28 கல்வியாண்டு ஏறக்குறைய முழுவதும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும். ஓட்டுநர், ஆயா, அலுவலகப் பணியாளர் எல்லோரையும் எண்ணினால் மேல்நிலைப் பள்ளிகளில் பல இந்த எண்ணிக்கையைத் தாண்டும். மழலையர் வகுப்பு நடத்தும் பள்ளிகளுக்கு அறையும் உண்டு, ஆயாவும் உண்டு. தொட்டிலும், தாய் வந்து உட்காரத் திரைபோட்ட ஒரு மூலையும் சேர்த்தால் தொடங்கிவிடலாம். ஆனால் எட்டுப் பாடவேளையில் நான்கு தொடர்ச்சியாக அவருக்குப் போட்டுவிட்டு இடைவேளை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் அவர் எப்படி எடுப்பார்? காலையில் மூன்றாவது, பிற்பகலில் ஏழாவது என்று இரண்டு வேளையை ஆண்டு முழுக்க வெறுமையாக வைத்து, அங்கே மாற்றுப் பணி எதுவும் போடக்கூடாது என்று குறித்துவிட வேண்டும். ஆய்வகத்துக்கு இரட்டைப் பாடவேளை தேவைப்படுவதால் வேதியியலுக்கு அட்டவணை போடுவது எப்போதுமே சிக்கல். பள்ளி திறந்த பிறகு அதைக் கலைத்துப் போட்டால் பத்து ஆசிரியர்களின் நேரம் குலையும். அட்டவணை போடும் ஆசிரியர் மேசைக்கு இந்தக் குறிப்பு மே மூன்றாம் வாரத்துக்குள் எழுத்தில் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை